கல்யாணப் பத்திரிகை இமேஜில் ஒரே ஒரு எழுத்தை மாற்றுவது ஏன் இவ்வளவு பாடு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் லாங்கு பஜார் பக்கம் டி.டி.பி. வேலை பார்க்கிறேன். முகூர்த்த மாதம் வந்தால் தினம் நான்கு பேராவது போனை நீட்டி ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்ததுதான் இது. கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

அண்ணா, இந்தப் பத்திரிகைல டைம் மட்டும் தப்பா இருக்கு. ஒரு எழுத்து தானே, அழிச்சிட்டு அடிச்சிக் குடுங்களேன்?

அழிக்கலாம், ஆனால் "அடிக்க" அங்கே எழுத்து என்று எதுவும் கிடையாது, அதுதான் சிக்கல். நீங்கள் கொண்டுவந்தது எழுத்தின் படம். நம் கண்ணுக்கு அது "காலை 10.30" என்று தெரிகிறது, கம்ப்யூட்டருக்கு அது மெரூன் நிறப் புள்ளிகளுக்கு நடுவே கொஞ்சம் தங்க நிறப் புள்ளிகள், அவ்வளவுதான். எது பத்து, எது காலை, எது பிள்ளையார் என்ற வித்தியாசமே அதற்குள் இல்லை.

பழைய அச்சாபீஸ் பார்த்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஈய எழுத்தைக் கோத்துச் சட்டத்தில் வைத்திருக்கும்போது தப்பான எழுத்தைப் பிடுங்கிவிட்டு வேறு எழுத்தைச் செருகலாம். அச்சடித்து வெளியே வந்த தாளில் செருக முடியாது. வேர்டு ஃபைல் அந்தக் கோத்த சட்டம் மாதிரி, உங்கள் போனில் இருக்கும் இமேஜ் அந்தத் தாள் மாதிரி.

வேர்டுல மட்டும் எப்படி மாத்த முடியுது? அதுவும் ஸ்கிரீன்ல புள்ளியாத்தானே தெரியுது?

நல்ல கேள்வி, இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஸ்கிரீனில் தெரியும்போது எல்லாமே புள்ளிதான். ஃபைலுக்குள் எது சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

வேர்டு ஃபைலில் எழுத்தின் உருவம் இருக்காது, எந்த எழுத்து என்பதற்கான எண்தான் இருக்கும். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும், துணைக்கால் மாதிரி ஒவ்வொரு குறிக்கும், ஒரு எண் உண்டு. "காலை" என்ற சொல் நான்கு எண்களாகப் போய் உட்கார்ந்திருக்கும்: க, துணைக்கால், ல, ஐகாரக் குறி.

```
U+0B95  U+0BBE  U+0BB2  U+0BC8
```

நேரில் பார்க்க ஆசையாக இருந்தால் ஒரு `.docx` ஃபைலைக் காப்பி எடுத்து, அந்தக் காப்பியின் பெயரில் கடைசியில் உள்ள `.docx` என்பதை `.zip` என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே `word` என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் `document.xml`. அதைத் திறந்தால் நீங்கள் அடித்தது அப்படியே எழுத்தாகக் கிடக்கும்:

```
<w:t>காலை 10.30</w:t>
```

பக்கத்திலேயே எந்த ஃபான்ட், என்ன சைஸ், என்ன நிறம் என்ற குறிப்பு. ஒவ்வொரு முறை ஃபைலைத் திறக்கும்போதும் வேர்டு இந்தக் குறிப்பைப் படித்து எழுத்தைப் புதிதாக வரைகிறது. நீங்கள் 10-ஐ 9 ஆக்கினால் குறிப்புதான் மாறுகிறது, படம் மறுபடி வரையப்படுகிறது, பக்கத்துச் சொற்கள் தானாக நகர்ந்து இடம் கொடுக்கின்றன.

இமேஜில் அந்தக் குறிப்பு கிடையாது. வரைந்து முடித்த கடைசிப் படம் மட்டும் இருக்கிறது. 5 × 7 இன்ச் பத்திரிகையை அச்சுத் தரமான 300 டி.பி.ஐ.யில், அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளி வீதம் செய்தால் 1500 × 2100, அதாவது 31,50,000 புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மொத்த ஃபைலும் இந்த எண்களின் வரிசைதான். "காலை" அதில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஃபைலுக்கே தெரியாது.

நீங்க எல்லாம் "ஃபிளாட் ஆயிடுச்சு"ன்னு சொல்றீங்களே, அது இன்னா?

பத்திரிகை டிசைன் செய்யும்போது அடுக்கடுக்காக வைத்துச் செய்கிறோம். அடியில் மெரூன் பின்னணி, அதற்குமேல் மயில் தோகை பார்டர், அதற்குமேல் பிள்ளையார், எல்லாவற்றுக்கும் மேலே எழுத்து. ஒவ்வொன்றும் கண்ணாடித் தாளில் வரைந்தது போலத் தனித்தனி லேயர். எழுத்து லேயரைத் தூக்கினால் அடியில் பின்னணி பத்திரமாக இருக்கும். `.psd` ஃபைலாகச் சேமித்தால் இந்த லேயர்கள் எல்லாம் அப்படியே நிற்கும்.

அதையே `.jpg` ஆகச் சேமிக்கும்போது லேயர் எல்லாம் ஒன்றாகிவிடும். மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எது தெரிகிறதோ அந்தப் புள்ளி மட்டும் எழுதப்படும், எழுத்துக்கு அடியில் இருந்த பின்னணி எழுதப்படவே படாது. நிறைய பேர் நினைப்பது போல அது ஒளிந்துகொண்டு இல்லை, இல்லவே இல்லை. அதனால்தான் எழுத்தைச் சுரண்டி எடுத்தால் கீழே பத்திரிகை தெரியாது, ஓட்டை தெரியும்.

இதிலும் ஓரங்கள்தான் மோசம். எழுத்தின் விளிம்பு படி படியாகத் தெரியக்கூடாது என்பதற்காக, விளிம்பில் உள்ள புள்ளிகளில் எழுத்தின் நிறமும் பின்னணி நிறமும் கலந்து வைக்கப்படும். கணக்காகப் பார்ப்போம். தங்க எழுத்து 212, 175, 55. மெரூன் 128, 0, 0. சரிபாதி கலந்தால் 170, 88, 28 என்று ஒரு பழுப்பு வரும். இப்போது அந்த 170, 88, 28 மட்டும் கையில் இருக்கிறது. தங்கம் எவ்வளவு, மெரூன் எவ்வளவு, எந்தத் தங்கம், எந்த மெரூன் என்று திருப்பிச் சொல்லுங்கள் பார்ப்போம். ஒரே நிறப் பின்னணியாக இருந்தால் ஊகித்துவிடலாம், பின்னணியில் பூவேலை இருந்தால் எந்தக் கொம்பனாலும் முடியாது. எண்ணற்ற ஜோடிகள் அதே பழுப்பைத் தரும்.

அப்போ போன மாசம் எங்க சித்தப்பா வீட்டுப் பத்திரிகைல மாத்திக் குடுத்தீங்களே?

கொடுத்தேன், அது எடிட் கிடையாது, ஒட்டுப்போடுவது. அந்த வேலையையே விலாவாரியாகச் சொல்கிறேன், ஒரு எழுத்துக்கு ஏன் ஒரு மணி நேரம் ஆனது என்று தெரியும்.

அணைக்கட்டு பக்கம் பெண் வீடு, மண்டபம் சத்துவாச்சாரியில். 26ஆம் தேதி வெள்ளிக்கிழமை, முகூர்த்தம் காலை 10.30 முதல் 12.00 என்று வந்துவிட்டது. பெண்ணின் பாட்டிதான் முதலில் பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை பத்தரை பன்னிரண்டு ராகு காலம் என்பது வேலூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், டிசைன் செய்த ஆளுக்குத் தெரியவில்லை. சரியான நேரம் 9.00 – 10.30. அந்த டிசைன் கடையில் ஒரிஜினல் ஃபைலை அழித்துவிட்டார்களாம். கையில் இருந்தது வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த ஒரு இமேஜ் மட்டும், 1143 × 1600 புள்ளி.

முதலில் இருப்பதை வைத்து ஓட்டலாமா என்று பார்த்தேன். வரியில் ஏற்கெனவே 10.30 இருக்கிறது, அதை வெட்டி வலது பக்கம் நகர்த்தினால் பாதி வேலை முடிந்தது. 12.00-இல் இருக்கும் ".00"-ஐ இடது பக்கம் கொண்டுவரலாம். பாக்கி ஒரே ஒரு 9. அந்த வரியில் 9 இல்லை. அடியில் போன் நம்பரில் ஒன்பது இருந்தது, ஆனால் அது பாதி சைஸ். சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் இல்லாத புள்ளிகளைக் கம்ப்யூட்டர் பக்கத்துப் புள்ளியைப் பார்த்து நிரப்பும், எழுத்து கொழகொழவென்று ஆகிவிடும். அப்புறம் ஒரு குறுக்கு வழி தோன்றியது: தேதியில் 26 அதே ஃபான்ட், அதே சைஸ். அந்த 6-ஐ வெட்டித் தலைகீழாகத் திருப்பினால் 9.

திருப்பினேன், அச்சு அசலாக ஒன்பதுதான். ஆனால் பார்க்கப் பார்க்க எதுவோ உறுத்தியது. எழுத்துகளுக்கு வலது கீழ்ப் பக்கம் மெல்லிய நிழல் போட்டிருந்தார்கள், என்னுடைய 9-க்கு மட்டும் நிழல் இடது மேல் பக்கம் விழுந்தது! ஒரு சூரியன் கிழக்கே, இன்னொன்று மேற்கே. அதோடு பின்னணி மெரூன் மேலே வெளிர், கீழே அடர்த்தி. 6-உடன் ஒட்டிக்கொண்டு வந்த பின்னணித் துண்டும் தலைகீழாகி, 9-ஐச் சுற்றி ஒரு சதுரம் தெரிந்தது.

கடைசியில் குறுக்கு வழியை விட்டுவிட்டு ஒழுங்கான வழிக்கு வந்தேன். அந்த வரியை முழுசாக மூடினேன், அதே உயரத்தில் எழுத்து இல்லாத வெற்று இடத்திலிருந்து குளோன் ஸ்டாம்பால் பின்னணியை எடுத்துப் பூசித்தான் மூட முடியும், ஒரே நிறத்தை ஊற்றினால் பட்டை தெரியும். அப்புறம் ஃபான்ட் தேடல், அதற்கே இருபது நிமிடம், நான்கைந்து ஃபான்டில் "காலை" அடித்துப் பார்த்து ஐகாரக் குறியின் சுழியும் 3-இன் வளைவும் ஒத்துப்போனதை எடுத்தேன். வரி முழுவதையும் புதிதாக அடித்து, நிழலைச் சரியான திசையில் போட்டு, எழுத்தை அரைப் புள்ளி அளவுக்கு மங்க வைத்தேன். ஏன் மங்க வைத்தேன் என்று கேட்பீர்கள்: சுற்றி இருக்கும் எழுத்தெல்லாம் பல முறை சுருங்கி மங்கியவை, புதிது மட்டும் கத்தி போலத் தெளிவாக இருந்தால் ஒட்டு என்று உடனே தெரிந்துவிடும்.

போனில் பார்க்க நன்றாகவே இருந்தது. அச்சுக்கு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். 1600 புள்ளியை 7 இன்ச்சில் பரப்பினால் இன்ச்சுக்கு 228 தான் கிடைக்கும், சின்ன எழுத்தில் இருக்கும் உறவினர் பெயர்களில் மெய்ப்புள்ளிகள் கரைந்துபோகும்.

எழுத்தைச் சுத்தி அழுக்கு மாதிரி தெரியுதே, அது ஒட்டுனதாலயா?

இல்லை, அது ஜே.பி.ஜி. செய்யும் வேலை. ஃபைல் சைஸைக் குறைக்க அது படத்தை 8 × 8 புள்ளிச் சதுரங்களாகப் பிரித்து, நுணுக்கமான விவரத்தை உதறிவிட்டு, தோராயமாக எழுதிவைக்கும். முகம், வானம் இதற்கெல்லாம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எழுத்து என்பது ஒரே இடத்தில் தங்கம், அடுத்த புள்ளியிலேயே மெரூன் என்று சட்டென்று மாறுவது, அந்த மாதிரி இடத்தில் தோராயம் பிசகிச் சுற்றிலும் தூசி மாதிரி விழும். திறந்து, மாற்றி, திரும்ப ஜே.பி.ஜி.யாகவே சேமித்தால் தூசி கூடும். அனுப்புவதற்கும் இதே கதைதான், வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருக்கி அனுப்பும், "டாக்குமென்ட்" என்று இணைத்து அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும். எனக்கு எது அனுப்பினாலும் டாக்குமென்டாக அனுப்புங்கள், ப்ளீஸ்.

இமேஜை வேர்டுல ஒட்டிட்டா, இல்ல பி.டி.எஃப். ஆக்கிட்டா எடிட் ஆகுமா?

ஆகாது. பெட்டி மாறுகிறது, உள்ளே இருப்பது அதே படம். பத்திரிகையைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினாலும் பத்திரிகைதானே.

ஆனா சில பி.டி.எஃப். எடிட் ஆகுதே?

ஆமாம், பி.டி.எஃப். மூன்று விதமாக வரும், பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இப்படிச் சோதியுங்கள். மவுஸால் ஒரு வரியை இழுத்துப் பாருங்கள், எழுத்து எழுத்தாக நீலம் பிடித்தால் உள்ளே உண்மையான எழுத்து இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் 800 சதவீதம் பெரிதாக்குங்கள். விளிம்பு படிக்கட்டு மாதிரி உடைந்தால் அது படம், வேலை முடிந்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு வழுவழுவென்று இருந்தால் அது மூன்றாவது விதம்: எழுத்தைக் கோடுகளாக மாற்றிய ஃபைல். கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் `Ctrl+Q` அழுத்தி "கர்வ்" ஆக்குவார்கள், அச்சகத்தில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டாலும் எழுத்து உடையாமல் வரட்டும் என்பதற்காக. அதில் நிறம் மாற்றலாம், ஒவ்வொரு எழுத்தையும் தனியாக நகர்த்தலாம், பின்னணியும் சேதம் ஆகாது. ஆனால் கர்சர் வைத்து அடிக்க முடியாது, 6 என்பது அங்கே வெறும் சுழித்த கோடு.

ஒரு எச்சரிக்கை. ஸ்கேன் செய்த படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத எழுத்தை விரித்து வைத்த பி.டி.எஃப்.களும் உண்டு, தேடுவதற்கு வசதியாக. அவை முதல் சோதனையில் பாஸ் ஆகிவிடும். அதனால் நீலம் பிடித்தாலும் ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

படத்துல இருந்து எழுத்தை எடுக்கற ஓ.சி.ஆர். இருக்கே, அத வெச்சி பண்ண முடியாதா?

எழுத்தை எடுக்கலாம், பத்திரிகையை எடுக்க முடியாது. ஓ.சி.ஆர். படத்தைப் பார்த்து "இது க போல இருக்கிறது" என்று ஊகித்துப் புதிதாக ஒரு எழுத்துக் கோப்பை உங்களுக்கு அடித்துக் கொடுக்கிறது. ஃபான்ட், தங்க நிறம், நிழல், எந்த இடம் என்பதெல்லாம் பெரும்பாலும் போய்விடும். கூகுள் டிரைவில் இமேஜை ஏற்றி `Open with` போய் `Google Docs` கொடுத்தால் செய்துவிடும். கம்ப்யூட்டரில் டெசராக்ட் என்ற ஓ.சி.ஆர். மென்பொருளைப் போட்டு, தமிழ் மொழிக் கோப்பையும் சேர்த்து நிறுவியிருந்தால் இப்படி:

```
tesseract pathirikai.jpg veliyeedu -l tam+eng
```

`veliyeedu.txt` என்று ஒரு ஃபைல் வரும். எனக்கு இது உறவினர் பட்டியலுக்குத்தான் உதவுகிறது; நாற்பது பெயரைத் திரும்ப அடிக்காமல் தப்பிக்கலாம். ஆனால் ஒவ்வொரு பெயரையும் சரிபார்க்கவேண்டும். துணைக்காலும் "ர"வும் பல ஃபான்டில் ஒன்று போலவே இருக்கும், மெய்ப்புள்ளி பார்டரில் உள்ள பூப்புள்ளியோடு கலந்துபோகும், அலங்கார எழுத்தில் எழுதிய மணமக்கள் பெயரை அது படிக்கவே படிக்காது. மாமா பெயரில் ஒரு புள்ளி போனாலும் மண்டபத்தில் பேச்சு வாங்குவது நீங்கள்தான்.

ஸ்கேன் பண்ண சர்டிஃபிகேட்ல இனிஷியல் மட்டும் மாத்தி…

செய்யமாட்டேன். கொடுத்த அலுவலகத்தில் திருத்தம் கேட்டு மனு போடுங்கள்.

டிசைன் பண்ணவங்ககிட்ட என்ன கேட்டு வாங்கணும்?

"ஓப்பன் ஃபைல்" என்று கேளுங்கள், எங்கள் தொழிலில் அதுதான் பெயர். ஃபோட்டோஷாப்பில் செய்திருந்தால் லேயரோடு `.psd`, கோரலில் செய்திருந்தால் கர்வ் ஆக்காத `.cdr`. சிலர் கர்வ் ஆக்கிய `.cdr` கொடுத்துவிட்டு ஓப்பன் ஃபைல்தான் என்பார்கள், வாங்கும்போதே திறந்து ஏதாவது ஒரு எழுத்தில் கர்சர் வைக்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். சிலர் தரவே மாட்டார்கள், அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை, டிசைன்தான் அவர்கள் சோறு, அடுத்த ஆள் அதையே பெயர் மாற்றி விற்றுவிடுவான் என்ற பயம். முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொண்டால் தகராறு இல்லை. தராவிட்டால் திருத்தத்தை அவர்களிடமே கொடுங்கள், எனக்கு ஒரு மணி நேரம் ஆன வேலை அவர்களுக்கு ஒரு நிமிடம்.

ஓப்பன் ஃபைல் வாங்கிட்டேன், தொறந்தா தமிழ் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா குப்பையா வருதே?

ஃபைல் கெடவில்லை, உங்களிடம் ஃபான்ட் இல்லை. பத்திரிகை வேலையில் இன்னும் பாமினி மாதிரிப் பழைய ஃபான்டுகள் நிறைய ஓடுகின்றன. அவை யூனிகோடுக்கு முந்தியவை, ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருப்பார்கள். பாமினியில் "அம்மா" என்று தெரியவேண்டுமானால் ஃபைலுக்குள் இருப்பது இது:

```
mk;kh
```

பாமினி இருக்கும் கம்ப்யூட்டரில் அம்மா, இல்லாத கம்ப்யூட்டரில் `mk;kh`. படத்தில் இந்தத் தொல்லை இல்லை, அதில் எழுத்தே இல்லையே, எந்தப் போனிலும் ஒரே மாதிரி தெரியும். டிசைனர்கள் உங்களுக்கு இமேஜாக அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓப்பன் ஃபைல் வாங்கும்போது அதில் உள்ள ஃபான்டுகளின் பெயரையும் எழுதி வாங்குங்கள். திறக்கும்போது ஃபான்ட் இல்லை, வேறு போடட்டுமா என்று கேட்டால் சரி என்று அமுக்காதீர்கள். அப்படியே மூடிவிட்டு, ஃபான்டை நிறுவிவிட்டு, மறுபடி திறங்கள்.